நடந்தும் எடை ஏன் நின்றுவிடுகிறது?

குறைவாகச் சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்ற 10 பேரை நியூயார்க்கில் ஆராய்ந்தார்கள். முடிவு 1992-இல் வெளியானது. ஐசோடோப்பு கலந்த நீரைக் குடிக்கவைத்து, உடல் செலவழித்த ஆற்றலை 14 நாள் அளந்தார்கள். வளர்சிதை மாற்றத்தில் கோளாறே இல்லை. நாளுக்குச் சுமார் 1,030 கலோரி உண்டதாக எழுதியிருந்தார்கள். உள்ளே போனதோ 2,080. உழைப்பையும் ஒன்றரை மடங்காகச் சொல்லியிருந்தார்கள்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. ருசி பார்த்ததும் தாளித்த எண்ணெயும் நினைவில் நிற்பதில்லை.

உடலும் சிக்கனம் பிடிக்கிறது. 80 கிலோ 72 ஆனால், அதே தூரம் நடக்கச் சுமார் பத்தில் ஒரு பங்கு ஆற்றல் குறைவாகப் போதும். பயிற்சிக் களைப்பில் மீதி நாள் உட்கார்ந்தே கழிவதும் உண்டு.

எடை நின்றால், நடையைக் கூட்டும் முன் ஒரு வாரம் எண்ணெயையும் சர்க்கரையையும் அளந்து எழுதிப் பாருங்கள்.