வாங்கும் முன் எண்ணுங்கள்: அலுவலகக் கேன்டீனில் சரக்கு வீணாகாமல் காக்கும் கணக்கு

தினமும் 80 பேர் மதியச் சாப்பாடு சாப்பிடும் ஓர் அலுவலகக் கேன்டீனை எடுத்துக்கொள்வோம். வாரத்தில் ஐந்து நாள் வேலை. காய்கறி திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் காலையில் வந்து இறங்குகிறது. தக்காளி மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு பெட்டி, அதாவது ஏறத்தாழ 14 கிலோ. ஆரம்பத்தில் யாரோ சொல்லி வைத்த அளவு அது. இன்றும் அப்படியே வருகிறது. வெள்ளிக்கிழமை மாலை மிஞ்சுவது சனி, ஞாயிறு இரண்டு நாளும் பூட்டிய அறையில் கிடந்து, திங்கள் காலையில் பாதிக்குமேல் குப்பைக்குப் போகிறது.

சமையல் மாஸ்டரைக் கேட்டால் சாம்பார், ரசம், கூட்டு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 4 கிலோ போதும் என்பார். வாரத்துக்கு 20 கிலோ. வாங்குவதோ 28 கிலோ. அந்த 8 கிலோவை எந்தச் சமையல்காரராலும் காப்பாற்ற முடியாது. அது வீணாகப் போவது கடைக்காரருக்கு ஃபோன் போட்டபோதே முடிவாகிவிட்டது.

இதைத் தடுக்க ஹோட்டல்காரர்கள் வைத்திருக்கும் கணக்குக்குப் பெயர் பார் லெவல். புதுச் சரக்கு வந்து இறங்கியவுடன் ஸ்டோரில் மொத்தம் எவ்வளவு இருக்க வேண்டுமோ அதுதான் பார். அடுத்த சரக்கு வரும்வரை ஆகும் செலவையும், திடீர்த் தேவைக்குக் கொஞ்சம் கூடுதலையும் சேர்த்தால் பார் கிடைக்கும். அதிலிருந்து கையில் இருப்பதைக் கழித்தால் வருவதுதான் வாங்க வேண்டிய அளவு.

நம் தக்காளிக்கே போட்டுப் பார்க்கலாம். திங்கட்கிழமை வருவது புதன்வரை மூன்று நாளுக்கு வர வேண்டும்: 12 கிலோ. கூடுதலாக 2 கிலோ வைத்தால் திங்கட்கிழமை பார் 14. வியாழக்கிழமை வருவது இரண்டே நாளுக்கு: 8 கிலோ. அடுத்து விடுமுறை என்பதால் கூடுதல் 1 கிலோ போதும். ஆக வியாழக்கிழமை பார் 9. ஒரே பொருளுக்கு இரண்டு பார் இருப்பது சரிதான். அதை ஒன்றாக்கும்போதுதான் வெள்ளிக்கிழமை தக்காளி மிஞ்சுகிறது.

இப்போது புதன்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் தராசில் வைத்துப் பார்க்கிறோம். 2 கிலோ இருக்கிறது. பார் 9, இருப்பு 2. வியாழனுக்கு 7 கிலோ சொன்னால் போதும். வெள்ளிக்கிழமை மாலை 1 கிலோ மிஞ்சும். திங்களுக்கு 13 கிலோ. மொத்தம் 20 கிலோவில் வாரம் ஓடிவிடும். பெட்டியாக வாங்கினால் கிலோவுக்கு விலை குறைகிறது என்றால், திங்கட்கிழமை முழுப் பெட்டி வாங்கி, வியாழக்கிழமை சில்லறையாக 6 கிலோ வாங்கிக்கொள்ளலாம். கணக்கு அப்போதும் பிசகாது.

பலர் சறுக்குவது ஓர் இடத்தில்தான். பார் 14 என்று எழுதி ஒட்டியதும், ஒவ்வொரு திங்கட்கிழமையும் 14 கிலோ வாங்கத் தொடங்கிவிடுவார்கள். இருப்பைக் கழிக்காத பார், பழைய பெட்டிக் கணக்கேதான். அதனால் எண்ணிக்கை இல்லாமல் பார் இல்லை.

எண்ணுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. சரக்கு வருவதற்கு முந்தைய மாலை, அடுப்பு அணைந்த பிறகு எண்ண வேண்டும். சமையல் நடக்கும்போது எண்ணினால் பாதிப் பொருள் பாத்திரத்தில் இருக்கும். ஒருவர் எண்ணிச் சொல்ல, இன்னொருவர் எழுத வேண்டும். நோட்டில் பொருள்களின் வரிசை, அலமாரியில் இருக்கும் வரிசையாகவே இருந்தால் எதுவும் விட்டுப்போகாது. எந்தப் பொருளை எந்த அளவில் எண்ணுவது என்பதும் மாறக் கூடாது: பால் பாக்கெட்டில், தக்காளி கிலோவில், முட்டை எண்ணிக்கையில். திறந்த எண்ணெய் டின்னைக் கண்ணால் பார்த்து 'பாதி இருக்கும்' என்று எழுதக் கூடாது. எடை போட்டு, காலி டின் எடையைக் கழித்தால் சரியாகத் தெரியும். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம்.

எல்லாவற்றையும் வாரம் இருமுறை எண்ண வேண்டியதில்லை. பால், தயிர், காய், கீரை, முட்டை போன்ற சீக்கிரம் கெடும் பொருள்களுக்குத்தான் அது. பருப்பு, எண்ணெய், மசாலாவுக்கு வாரக் கடைசியில் ஒரு தடவை போதும். அந்த எண்ணிக்கை இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். வார ஆரம்பத்தில் 6 லிட்டர் எண்ணெய் இருந்தது, 15 லிட்டர் டின் ஒன்று வாங்கினோம், வாரக் கடைசியில் 9 லிட்டர் இருக்கிறது என்றால் செலவு 12 லிட்டர். 400 சாப்பாட்டுக்கு அது, ஆளுக்கு 30 மில்லி. அடுத்த வாரம் அதே மெனுவுக்கு 36 மில்லி ஆனால், கூடுதலாகப் போன 2.4 லிட்டருக்குக் காரணம் கேட்க வேண்டும். எண்ணியதில் தவறா, பொரித்தது அதிகமா, டின் ஒழுகுகிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, பிறகு ஆளைச் சந்தேகிக்கலாம்.

எண்ணிக்கை நோட்டுக்குப் பக்கத்தில் கழிவு நோட்டு ஒன்றும் வேண்டும். பொருள், அளவு, காரணம் என்று மூன்றே கட்டம். 'கொத்தமல்லி, 6 கட்டு, அழுகியது' என்று மட்டும் எழுதியிருந்தால் பாரைக் குறைக்கத் தோன்றும். 'ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தது' என்று காரணமும் இருந்தால், கட்டைப் பிரித்து, ஈரம் போக உலர்த்தி, துணியில் சுற்றி வைத்தாலே போதும் என்று புரியும். பாரைக் குறைத்திருந்தால் கொத்தமல்லி அழுகுவது நிற்காது, தட்டுப்பாடும் சேர்ந்துகொள்ளும். பழைய தயிருக்கு முன்னால் புதுத் தயிரை அடுக்கியதால் பழையது புளித்திருந்தாலும் இதே கதைதான். புதுச் சரக்கைப் பின்னால் வைத்து, வந்த தேதியை மார்க்கரில் எழுதினால் அது தீரும். வாங்கிய அளவே அதிகம் என்ற காரணம் திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் பாரில் கை வையுங்கள்.

பார் சரியில்லை என்பதற்கு இரண்டு அடையாளங்கள். ஒவ்வொரு எண்ணிக்கையிலும் கூடுதலுக்கு வைத்ததைவிட அதிகம் மிஞ்சினால் பார் அதிகம். பதினொரு மணிக்குப் பையன் பக்கத்துக் கடைக்கு ஓடினால் பார் குறைவு. சில மாற்றங்கள் முன்கூட்டியே தெரிந்தவை. புரட்டாசியில் பலர் முட்டையைத் தொட மாட்டார்கள். கார்த்திகை பிறந்தால் மாலை போட்டவர்களும் அப்படியே. முட்டை பாரை மாதம் பிறக்கும் முன்பே குறைத்து, மிச்சமாகும் இடத்தில் காய்க்கு ஏற்றிக்கொள்ள வேண்டும்.

பாரால் தடுக்க முடிவது அடுப்பில் ஏறும் முன் கெடுவதை மட்டுமே. வடித்த சோறு மிஞ்சுவது தலைக்கணக்குத் தவறியதால். அதற்குக் காலை பத்து மணிக்குள் டோக்கன் வாங்கிவிட வேண்டும். மிஞ்சிய சோற்றை வெளியிலேயே வைத்திருந்து மாலையில் சூடுபண்ணித் தருவது ஆபத்து. சோற்றில் வளரும் ஒரு வகை பாக்டீரியாவின் நஞ்சு, மறுபடி சூடு செய்தாலும் போகாது.

முதல் மாதம் பத்தே பொருளுக்குப் பார் போட்டு, தாளை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். வழக்கமாக வாங்குபவர் லீவு போட்ட நாளில், மற்றவர் தராசையும் அந்தத் தாளையும் பார்த்தே சரியான அளவைச் சொல்ல முடிந்தால், பார் சரியாக அமைந்துவிட்டது. அப்போது பதினோராவது பொருளைச் சேருங்கள்.