பத்து நிமிடத்தில் நான்கு வாரம்

இன்டர்ன்ஷிப் முடித்து வந்த மாணவர்களுக்கு ரிவ்யூ நடக்கும் நாளில் செமினார் ஹாலின் கடைசி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். முதல் ஸ்லைடில் கம்பெனியின் லோகோ. அடுத்ததில் அது தொடங்கிய ஆண்டு, அப்புறம் கிளைகள், வாங்கிய விருதுகள், தயாரிக்கும் பொருள்களின் பட்டியல். எல்லாமே கம்பெனியின் இணையதளத்தில் இருப்பவை. பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் இப்படியே கரைந்துவிடும். மீதி நேரத்தில் ‘பல பிரிவுகளைப் பார்வையிட்டேன், குழுவாக வேலை செய்யக் கற்றுக்கொண்டேன்’ என்று இரண்டு வரி வரும். குழுவில் இருப்பவர்கள் துறைத் தலைவர், கைடு, இன்டர்ன்ஷிப் ஒருங்கிணைப்பாளர், சில கல்லூரிகளில் வெளியிலிருந்து வரும் தொழில்துறைக்காரர் ஒருவர். அவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: “சரிப்பா, நீ என்ன செஞ்சே?”

பாவம், அந்த மாணவன் அங்கே நிறையவே செய்திருப்பான். அதை எடுத்து முன்னால் வைக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஏ.ஐ.சி.டி.இ.-யின் இன்டர்ன்ஷிப் வழிகாட்டுதல்கள், மாணவர் தினமும் பயிற்சி டைரி எழுதி சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்கின்றன. முடிவில் கல்லூரியில் நடக்கும் செமினாரை மதிப்பிடும்போது, அறிக்கையோடு அந்த டைரியையும் வருகைப் பதிவையும் சேர்த்தே பார்க்கச் சொல்கின்றன. அதாவது உங்கள் அறிக்கை, உங்கள் டைரி, உங்கள் பேச்சு மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்பதைத்தான் குழு கவனிக்கிறது. ஸ்லைடில் ‘லீக் டெஸ்ட் செய்தேன்’ என்று இருந்து, டைரியில் அந்த வாரம் முழுக்க ‘அசெம்பிளி பிரிவைப் பார்த்தேன்’ என்று இருந்தால், அங்கேயே நம்பிக்கை போய்விடும்.

ஆகவே தயாரிப்பை ஸ்லைடிலிருந்து தொடங்கக் கூடாது. டைரியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

ஓர் உதாரணத்தைக் கடைசிவரை கொண்டுபோவோம். எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை. நிலைமை பட்டறைகளில் அன்றாடம் காண்பதுதான். மெக்கானிக்கல் படிக்கும் ஒரு மாணவி கோயம்புத்தூரில் மோனோபிளாக் பம்ப் தயாரிக்கும் ஒரு பட்டறையில் நான்கு வாரம் இருந்தாள். வாரத்துக்கு ஆறு நாள், ஆக 24 நாள். முதல் வாரம் எல்லாப் பிரிவுகளையும் சுற்றிக் காட்டினார்கள். அதன்பின் டெஸ்டிங் பிரிவில் விட்டார்கள். அசெம்பிளி முடிந்து வரும் பம்ப்புக்குள் தண்ணீரை அழுத்தத்தில் ஏற்றி, எங்காவது கசிகிறதா என்று பார்க்கும் இடம் அது. 12 நாள் அவள் ஒவ்வொரு கசிவையும், எந்த இடத்தில் என்பதையும் குறித்தாள். கடைசி ஆறு நாள் ஒரு சின்ன மாற்றத்தைச் செய்து பார்த்தார்கள்.

டைரியில் இப்படி 24 பக்கம் இருக்கும். பத்து நிமிடத்தில் 24 நாளையும் சொல்ல நினைப்பவர் எதையுமே சொல்ல மாட்டார். சுற்றிப் பார்த்த முதல் வாரத்துக்கு ஒரு ஸ்லைடு, ஒரு நிமிடம் போதும். கம்பெனியைப் பற்றியும் அதே ஸ்லைடிலேயே சொல்லிவிடலாம்: என்ன தயாரிக்கிறார்கள், நான் எந்தப் பிரிவில், யாருக்குக் கீழே இருந்தேன். மீதி ஒன்பது நிமிடமும் கசிவுக்கே. எந்த வேலையைத் தேர்ந்தெடுப்பது என்று குழம்பினால் ஒரு வழி இருக்கிறது. தொடக்கத்தில் ஒரு நிலைமை, முடிவில் வேறொரு நிலைமை, நடுவில் உங்கள் கை பட்டது என்று எந்த வேலையைப் பற்றிச் சொல்ல முடிகிறதோ அதை எடுங்கள். எதையுமே மாற்றாத, வெறும் பதிவு எடுத்த வேலையும் ஆகும். அதற்கு முன் இல்லாத ஒரு தகவல் உங்களால் கிடைத்திருக்க வேண்டும்.

இனி அவளுடைய எண்கள். 12 நாளில் 640 பம்ப் டெஸ்ட்டுக்கு வந்தன. 32 கசிந்தன, அதாவது நூற்றுக்கு ஐந்து. அந்த 32-இல் மெக்கானிக்கல் சீல் இருக்கும் இடத்தில் 18, கேஸ்கட் இணைப்பில் எட்டு, வார்ப்பில் இருந்த நுண்துளையால் நான்கு, மற்றவை இரண்டு. இதைப் பெரியதிலிருந்து சிறியதாகப் பட்டை வரைந்து காட்டினால் ஒரே பார்வையில் புரியும். பாடத்தில் படித்த பரேட்டோ வரைபடம்தான் அது. சீலைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்பதை வாயால் சொல்லவே தேவையில்லை.

சீல் ஏன் கசிகிறது? சுழலும் முகமும் நிலையான முகமும் ஒன்றோடொன்று ஒட்டி உரசுகிற அமைப்பு அது. இரண்டு முகங்களும் மைக்ரான் அளவுக்குத் தட்டையாகத் தேய்த்து மெருகேற்றப்பட்டவை. ஒரு தூசுத் துகளோ உலோகப் பிசிறோ நடுவில் சிக்கினால் போதும், தண்ணீருக்கு வழி கிடைத்துவிடும். அசெம்பிளி மேசையில் காலையிலேயே எல்லா சீல்களையும் உறையிலிருந்து எடுத்துப் பரப்பி வைத்திருந்ததை அவள் கவனித்தாள். பக்கத்திலேயே கிரைண்டிங் நடந்தது. சூப்பர்வைசரிடம் சொன்னாள். பொருத்தும் நேரத்தில்தான் உறையைப் பிரிக்க வேண்டும், பிசிறு விடாத துணியால் முகத்தைத் துடைத்த பிறகே மாட்ட வேண்டும் என்று அவர் ஏற்பாடு செய்தார்.

இதைச் சொல்லும்போது பங்கைப் பிரித்துச் சொல்வது மிக முக்கியம். பார்த்தது, எண்ணியது, சொன்னது அவள். தீர்வு முடிவு செய்தது சூப்பர்வைசர். கடைப்பிடித்தது அசெம்பிளி தொழிலாளி. ‘மாற்றம் செய்யப்பட்டது’ என்று ஸ்லைடில் போட்டால் யார் செய்தது என்றே தெரியாது. ‘நான் தீர்வு கண்டுபிடித்தேன்’ என்றால் அடுத்த இரண்டு கேள்வியில் வெளிப்பட்டுவிடும். சூப்பர்வைசரின் பெயரைச் சொல்லி, அவர் செய்ததை அவர் கணக்கில் வைப்பதால் மதிப்பெண் குறையாது. அவளுடைய பங்கு இன்னும் தெளிவாகத் தெரியும்.

அடுத்தது விளைவு. கடைசி ஆறு நாளில் 310 பம்ப்; ஒன்பது கசிந்தன. நூற்றுக்கு ஐந்து என்பது ஏறக்குறைய மூன்றாகக் குறைந்தது. பெரும்பாலானோர் இதைப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு நன்றி சொல்லி இறங்கிவிடுவார்கள். அந்த ஒன்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சீல் கசிவு இரண்டுதான். பழைய விகிதத்தில் போயிருந்தால் ஏறக்குறைய ஒன்பது வந்திருக்கும். மீதி ஏழும் கேஸ்கட், வார்ப்பு வகையறா. முன்பு அந்த வகை 640-க்கு 14. இப்போது 310-க்கு ஏழு. அது அப்படியே இருக்கிறது. எனக்கு இதுதான் முழு உரையிலும் அருமையான இடம். டெஸ்ட் செய்தவர் கடைசி வாரம் மேலோட்டமாகப் பார்த்திருந்தால் எல்லா வகைக் கசிவும் குறைந்திருக்கும். கை வைத்த இடம் மட்டும் குறைந்து, கை வைக்காத இடம் மாறாமல் இருப்பது மாற்றத்தின் பக்கம் சாட்சி சொல்கிறது.

கற்றதைச் சொல்லும் பகுதிதான் பலருக்குச் சறுக்கும். ‘நேர மேலாண்மை, தகவல் தொடர்பு’ என்று எழுதினால் எந்த மாணவருடைய ஸ்லைடிலும் அதை ஒட்டலாம். நம் மாணவிக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தொடக்கத்தில் ஒரே பம்ப்பை ஒரு டெஸ்டர் கசிவு என்றார், இன்னொருவர் இல்லை என்றார். வெறும் ஈரம் கசிவா, சொட்டினால்தான் கசிவா? சூப்பர்வைசரிடம் கேட்டு, ஒரு நிமிடத்துக்குள் ஒரு துளி விழுந்தாலும் கசிவு என்று எழுதி ஒட்டிய பிறகுதான் எண்ணத் தொடங்கினாள். எண்ணுவதற்கு முன் எதை எண்ணுகிறோம் என்று வரையறுக்க வேண்டும் என்பதை அவள் பட்டறையில் கற்றாள். முன்பு எப்படி நினைத்தேன், என்ன நடந்தது, இப்போது எப்படிச் செய்வேன் என்று இந்த மாதிரி இரண்டு சொன்னால் போதும்.

தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் உள்ள துறைகளில், இன்டர்ன்ஷிப்பைப் படிப்பின் எதிர்பார்ப்புகளோடு பொருத்தி ஓர் அட்டவணை கேட்பார்கள். எல்லாக் கட்டத்திலும் டிக் போடாதீர்கள். பிரச்சினையைப் பகுத்தாய்வது, கருத்தைத் தெரிவிப்பது என்று உங்களிடம் ஆதாரம் உள்ள இரண்டு மூன்று மட்டும் போதும். ஒவ்வொன்றுக்கும் எதிரே டைரியின் தேதியை எழுதுங்கள்.

ஒரு விஷயத்தைக் கல்லூரிக்குத் திரும்பிய பிறகு சரிசெய்யவே முடியாது. அது அனுமதி. அசெம்பிளி மேசையின் படம், வரைபடம், வாடிக்கையாளர் பெயர், தயாரிப்பு எண்ணிக்கை எதையும் கம்பெனியைக் கேட்காமல் திரையில் காட்டக் கூடாது. கடைசி வாரத்திலேயே, காட்டப்போகும் ஸ்லைடுகளை அச்சிட்டு சூப்பர்வைசரிடம் கொடுத்து, சரி என்று மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள். எண்ணிக்கை வேண்டாம் என்றால் சதவீதமாக மாற்றலாம். படம் வேண்டாம் என்றால் கையால் வரைந்த கோட்டுப்படம் இன்னும் தெளிவாகவே இருக்கும். விட்டுப்போன எண்ணைத் தேடி வாங்குவதும் அப்போதுதான் நடக்கும். வெளியே வந்த பிறகு ஒரு தேதி கேட்டு வாங்குவதற்குள் ரிவ்யூ முடிந்துவிடும்.

ஸ்லைடு எட்டு அல்லது ஒன்பதைத் தாண்ட வேண்டாம். முழு அட்டவணையை, அதாவது நாள்வாரியாக எத்தனை பம்ப், எங்கே கசிவு என்பதை, நன்றி ஸ்லைடுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் மட்டும் திறக்க வேண்டும். டைரியில் முக்கியமான பக்கங்களில் சீட்டு வைத்து மேசையில் வையுங்கள். ஏனென்றால் இப்படி ஓர் உரைக்குப் பிறகு வரும் கேள்விகள் வேறு ரகமாக இருக்கும். வெளியிலிருந்து வந்தவர் கேட்பார்:

“ஏம்மா, அந்தக் கடைசி வாரத்துல சீல் லாட் மாறலையா? புது லாட்டே நல்லா இருந்திருக்கலாமே?”

“மாறிச்சு சார். மூணாவது நாள் புதுப் பெட்டி பிரிச்சாங்க, டைரியில குறிச்சிருக்கேன். அதுக்கு முந்தின ரெண்டு நாளும் பழைய லாட்தான். அதுல 104 பம்ப்புக்கு ஒரு சீல் கசிவு. பழைய கணக்குப்படி மூணு வந்திருக்கணும்.”

“ஒண்ணுக்கும் மூணுக்கும் வச்சு முடிவு பண்ண முடியுமா?”

“முடியாது சார். எண்ணிக்கை ரொம்பக் குறைவு. மாற்றத்தாலதான் குறைஞ்சதுன்னு உறுதியாச் சொல்லணும்னா ஒரே லாட்டை வச்சு இன்னும் ஒரு மாசமாவது பார்க்கணும். அதை அறிக்கையில அடுத்து செய்ய வேண்டியதுன்னு எழுதி, சூப்பர்வைசர்கிட்டயும் கொடுத்துட்டு வந்திருக்கேன்.”