உச்சியைத் தாண்டியது யார்?

2021 ஏப்ரலில் பிட்காயின் சுமார் 64,800 டாலரைத் தொட்டது. இடையில் முப்பதாயிரத்துக்கும் கீழே சரிந்து, நவம்பரில் 69,000 டாலர் அருகே புதிய உச்சம் கண்டது. ஆனால் வாராந்திர சார்ட்டின் அடியில் ஓடிய ஆர்.எஸ்.ஐ. கோடு ஏப்ரலில் எட்டிய உயரத்தை நவம்பரில் எட்டவில்லை. விலையும் ஆஸிலேட்டரும் இப்படி ஆளுக்கொரு திசையில் போவதைத்தான் டைவர்ஜென்ஸ், அதாவது விலகல் என்கிறார்கள்.

வெல்ஸ் வைல்டர் 1978-ல் அறிமுகப்படுத்திய ஆர்.எஸ்.ஐ., விலை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று சொல்வதில்லை. வழக்கமாக 14 நாள் அல்லது 14 வாரக் கணக்கில், சராசரி ஏற்றம் சராசரி இறக்கத்தைப் போல எத்தனை மடங்கு என்பதையே அது பார்க்கிறது. ஏற்றம் 6 ரூபாய், இறக்கம் 2 ரூபாய் என்றால் ஆர்.எஸ்.ஐ. 75. ஏற்றம் அதே 6 ரூபாயாக நின்று இறக்கம் 4 ஆனால் 60. விலை முன்னேறிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் முன்பைவிட அதிகமாகப் பின்வாங்குகிறது. பிட்காயினில் தெரிந்தது இந்தத் தளர்ச்சிதான். இது ரெகுலர் வகை. போக்கு திரும்பலாம் என்ற எச்சரிக்கை.

ஹிட்டன் வகை இதற்கு நேர் எதிர். ஏறுமுகத்தில் இருக்கும் ஒரு பங்கைக் கற்பனை செய்துகொள்வோம். முதல் இறக்கத்தில் 400 ரூபாய்க்கு வந்தபோது ஆர்.எஸ்.ஐ. 42. பிறகு 500 வரை ஏறி, நாலைந்து நாளில் மளமளவென 440-க்கு விழுகிறது, ஆர்.எஸ்.ஐ. 36. விற்பவர்கள் முன்பைவிட வேகமாக விற்றும் பழைய 400-ஐ நெருங்கக்கூட முடியவில்லை. ஏறுமுகம் தொடரலாம் என்று இதற்குப் பொருள்.

இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். எல்லையைத் தாண்டியது யார் என்று கேட்டால் போதும். விலை தாண்டி ஆஸிலேட்டர் தாண்டாவிட்டால் ரெகுலர். ஆஸிலேட்டர் தாண்டி விலை தாண்டாவிட்டால் ஹிட்டன். ஏறுமுகம் முடிகிறதா என்று பார்க்க உச்சிகளை ஒப்பிட வேண்டும், தொடர்கிறதா என்று பார்க்கப் பள்ளங்களை. இறங்குமுகத்தில் இது தலைகீழ். விலையில் உச்சியையும் ஆர்.எஸ்.ஐ.யில் பள்ளத்தையும் எடுத்துக் கோடு போடுவதுதான் பலரும் செய்யும் பிழை.

இன்னொரு சிக்கல் நேரம். ஒரு புள்ளி பள்ளம்தான் என்பது விலை அங்கிருந்து சில நாள் ஏறிய பிறகே உறுதியாகும். நேற்றைய சார்ட்டில் பளிச்சென்று தெரியும் விலகல், அது உருவான அன்று யாருக்கும் தெரிந்திருக்காது. வலுவான ஏறுமுகத்தில் ரெகுலர் விலகல் இரண்டு மூன்று முறை தோன்றியும் விலை மேலே போய்க்கொண்டே இருப்பதுண்டு. அதனால் அனுபவசாலிகள் விலகலைக் கண்டதும் விற்பதில்லை. முந்தைய பள்ளம் உடையட்டும் என்று காத்திருப்பார்கள். பிட்காயினில் 2021 செப்டம்பர் பள்ளம் சுமார் 40,000 டாலர். அது உடைந்தது 2022 ஜனவரியில். அதற்குள் உச்சியிலிருந்து நாற்பது சதவீதத்துக்கு மேல் போயிருந்தது. காத்திருந்தவர்கள் கொடுத்த விலை அது. ஆனாலும் அந்த ஆண்டு நவம்பரில் விலை 16,000 டாலருக்கும் கீழே இறங்கியது.