சம்பளச் சீட்டு இல்லாத இரண்டு ஆண்டுகள்

தொண்டு நிறுவனங்களின் வேலை அறிவிப்புகளில் 'குறைந்தது இரண்டு ஆண்டு கள அனுபவம்' என்ற வரி அடிக்கடி கண்ணில் படும். அதைப் பார்த்ததுமே தன்னார்வலர்கள் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். காசு வாங்காமல் செய்த வேலையை அனுபவம் என்று சொல்லிக்கொள்ளலாமா என்ற தயக்கம்தான் காரணம். தாராளமாகச் சொல்லலாம். எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது என்பதில்தான் சிக்கல்.

ஓர் எடுத்துக்காட்டு. வட சென்னையில் மாலை நேரப் படிப்பு மையம் ஒன்றில் இரண்டு ஆண்டுகளாகச் சம்பளமின்றிப் பாடம் எடுக்கும் இளம்பெண்ணை நினைத்துக்கொள்வோம். பகலில் ஜெராக்ஸ் கடையில் வேலை. வாரத்தில் மூன்று நாள் மாலை இரண்டு மணி நேரம் வகுப்பு. கல்விப் பணி செய்யும் ஒரு நிறுவனத்தில் களப் பணியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, 'ஏழைக் குழந்தைகளுக்குக் கல்விச் சேவை செய்தேன்' என்று எழுதுகிறார். அந்த வரியில் அவருடைய நல்ல மனசு தெரிகிறது. அவருக்கு என்ன செய்யத் தெரியும் என்பது தெரியவில்லை.

அது அவருடைய வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. பிரதம் அமைப்பு 2005இல் தொடங்கிய ஏசர் ஆய்வின் வாசிப்புச் சோதனை எளிமையானது. எழுத்து, சொல், முதல் வகுப்பு அளவிலான பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலான கதை என ஏறிக்கொண்டே போகும். குழந்தை தடங்கலின்றி வாசிக்கும் உச்சப் படியே அதன் நிலை. நாடு முழுவதும் மேற்கோள் காட்டப்படும் அந்த ஆய்வில் வீடு வீடாகப் போய்ச் சோதிப்பவர்களில் பெரும்பாலோர் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள்தாம். அதே முறையில் நம் பெண்ணும் ஜூனில் ஒருமுறை, மார்ச்சில் ஒருமுறை சோதித்து நோட்டில் குறித்திருக்கிறார். 18 குழந்தைகளில் 11 பேர் ஜூனில் எழுத்தைத் தாண்டவில்லை. மார்ச்சில் அவர்களில் 6 பேர் சொல்லையோ பத்தியையோ வாசித்தார்கள். 2 பேர் அதே படியில் நின்றார்கள். 3 பேர் குடும்பம் வீடு மாறியதால் நின்றுவிட்டார்கள்.

இந்த மூன்று எண்களையுமே எழுத வேண்டும். ஆறு பேரை மட்டும் காட்டினால், "மற்றவர்கள் என்ன ஆனார்கள்?" என்பதுதான் நேர்காணலின் முதல் கேள்வியாக இருக்கும். பகலில் பள்ளியிலும் பாடம் நடந்திருக்கிறது. ஆகவே 'என்னால் முன்னேறினார்கள்' என்று எழுதாமல், 'ஜூனில் இப்படி, மார்ச்சில் இப்படி' என்பதோடு நிறுத்திக்கொள்வது நேர்மை. வராமல் போன குழந்தையின் வீட்டைத் தேடிப்போனது, அதே படியில் நின்ற இருவருக்குப் பாடத்தை மாற்றிப் பார்த்தது ஆகியவைதான் அவரே முடிவெடுத்துச் செய்தவை. பாடம் நடத்தியதைவிட, பொறுப்பு ஏற்றதற்கு இவையே வலுவான சான்று.

அடுத்து நேரம். வாரம் 6 மணி, ஆண்டுக்குச் சுமார் 45 வாரம் என்றால் இரண்டு ஆண்டில் 540 மணி நேரம். முழுநேர வேலையாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ மூன்று மாதம். 'இரண்டு ஆண்டு அனுபவம்' என்று மட்டும் எழுதுவது மிகை. 'மூன்று மாதம்' என்பதும் சரியில்லை; இரண்டு முழுக் கல்வியாண்டுகளின் ஏற்ற இறக்கத்தை அவர் பார்த்திருக்கிறார். 'தன்னார்வ ஆசிரியர், ஜூன் 2023 முதல் ஏப்ரல் 2025 வரை, வாரம் 6 மணி நேரம்' என்று எழுதினால் இரண்டுமே விளங்கிவிடும்.

'தன்னார்வ' என்ற சொல்லை மறைப்பது ஆபத்து. ஊழியர் போலக் காட்டிக்கொண்டால், பின்னணிச் சரிபார்ப்பில் சம்பளச் சீட்டும் பி.எஃப். எண்ணும் கேட்கும்போது மாட்டிக்கொள்ள நேரும். தமிழக அரசு 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் பாடம் எடுத்தவர்களும் மாதம் 1,000 ரூபாயை ஊக்கத்தொகை என்றே குறிப்பிட வேண்டும், அது சம்பளமில்லை. சம்பளச் சீட்டுக்குப் பதிலாக, மையப் பொறுப்பாளரிடம் பொறுப்பு, தேதிகள், வார நேரம் மூன்றும் அடங்கிய கடிதத்தைக் கேட்டு வாங்கலாம். மையத்தை விட்டுப் போவதற்கு முன்பே வாங்கிவிடுவது நல்லது. பொறுப்பாளர் மாறிவிட்டால் நினைவு வைத்துச் சொல்ல ஆள் இருக்காது.

கடைசியில் சம்பளப் பேச்சு வரும். இதுவரை சும்மா செய்தவர் என்பதால் குறைத்துக் கேட்க வேண்டியதில்லை. வேலைக்குரிய தொகையைக் கேட்கலாம். ஆனால் நிறுவனத்தின் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டு பேசுவது நல்லது. வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கு முன்பு 50 சதவீதம் வரை அனுமதி இருந்தது. 2020இல் வந்த சட்டத் திருத்தம் அதை 20 சதவீதமாகக் குறைத்தது. இத்தகைய பதவிகள் பலவும் ஏதோ ஒரு திட்டத்தின் நிதியோடு கட்டுண்டவை. ஆகவே சம்பளத்தோடு, திட்டம் எந்த மாதம் முடிகிறது, அதன்பின் ஒப்பந்தம் நீளுமா, மாலை வகுப்பும் வேலை நேரத்தில் சேருமா என்பவற்றையும் கேட்டு, பதிலை நியமனக் கடிதத்திலேயே எழுதித் தரச் சொல்ல வேண்டும்.