தொண்ணூறு நிமிட ஆட்டமும் நூறு சொல் ஓடுவரியும்: சுருக்கத்தின் தொடரியல்

1. சிக்கலின் இயல்பு

தொலைக்காட்சித் திரையின் அடியில் இடப்புறமாக நகர்ந்து செல்லும் செய்திவரியை ஓடுவரி எனலாம். கால்பந்தாட்டம் ஒன்றை ஓடுவரிக்காக நூறு சொற்களில் சுருக்குவது, நாளிதழுக்குச் சுருக்குவதைப் போன்றதன்று. நாளிதழ் வாசகர் முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்குகிறார். ஓடுவரியைப் பார்ப்பவரோ எந்த வாக்கியத்திலும் நுழையலாம். எந்த வாக்கியத்திலும் பார்வையை விலக்கலாம். வேறொரு அவசரச் செய்தி வந்தால் வரியே இடையில் வெட்டப்படலாம். ஆகவே இங்கு ஒவ்வொரு வாக்கியமும் முன்னும் பின்னும் துணையின்றித் தனித்து நின்று பொருள் தர வேண்டும். இந்தத் தேவை தமிழ்த் தொடரமைப்பில் எவ்வாறு நிறைவேறுகிறது என்பதை ஓர் ஆட்டத்தைக் கொண்டு காணலாம்.

2. எடுத்துக்காட்டு ஆட்டம்

1999 மே 26 அன்று பார்சலோனாவின் காம்ப் நூ அரங்கில் ஐரோப்பியச் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி நடைபெற்றது. 6ஆம் நிமிடத்தில் பேயர்ன் மியூனிக்கின் மரியோ பாஸ்லர் ஃப்ரீ கிக்கில் கோலடித்தார். 90 நிமிடம் முடிந்தபோதும் அந்த ஒரு கோலே நின்றது. நான்காம் நடுவர் மூன்று நிமிடங்களைக் கூட்டிக் காட்டினார். அந்தச் சில நிமிடங்களில் மான்செஸ்டர் யுனைடெட்டின் டெடி ஷெரிங்காமும் ஓலே குன்னர் சோல்ஷாரும் ஆளுக்கொரு கோல் அடித்தனர். யுனைடெட் 2-1 என வென்றது.

சுருக்குவோர்க்கு இவ்வாட்டம் ஒரு சோதனையாகும். ஆட்டக் குறிப்புகளை நிமிட வரிசையிலேயே சுருக்கினால் முதற் பெரும்பகுதி முழுவதும் பேயர்னே வெல்கிறது. ஐம்பதாம் சொல்லில் வரி வெட்டப்பட்டால் பார்வையாளர் பொய்யான முடிவுடன் எழுந்து செல்வார். ஆகவே முடிவு முதலில் வருதல் வேண்டும்.

3. எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது

குறிப்பேட்டிலுள்ள நிகழ்ச்சிகளை மூவகைப்படுத்தலாம். முடிவை ஆக்கியவை முதல் வகை. மூன்று கோல்களும் அவற்றின் நேரமும் இதில் அடங்கும். முடிவை விளக்குபவை இரண்டாம் வகை; இரண்டாம் பாதியில் பேயர்னின் ஷோல் அடித்த பந்து கம்பத்தில் பட்டதும், யான்கர் அடித்த பந்து குறுக்குச் சட்டத்தில் பட்டதும், யுனைடெட்டின் கீனும் ஸ்கோல்ஸும் தடையால் ஆட இயலாததும் இத்தகையன. காட்சிக்குச் சுவை கூட்டுபவை மூன்றாம் வகை. இறுதி நேரத்தில் யுனைடெட் கோல்காப்பாளர் ஷ்மைக்கேல் எதிரணியின் கோல்முகம் வரை ஓடி வந்தது இதற்குச் சான்று. மூன்றாம் வகை முற்றிலும் நீங்கும்.

மயக்கம் தருவது வேறொரு செய்தி. பேயர்னின் லோதர் மத்தேயஸ் ஆட்டம் முடியுமுன் வெளியே அழைக்கப்பட்டார். தோல்விக்கு அதுவே காரணம் எனக் கருதுவோர் உண்டு. நிகழ்ச்சி உண்மை, காரணம் என்பது கருத்து. ‘அவர் வெளியேறியதும் பேயர்ன் தோற்றது’ என்று எழுதினால் ‘-அதும்’ என்னும் ஈறு காலத் தொடர்ச்சியைக் காரணத் தொடர்ச்சியாக மாற்றிவிடுகிறது. கருத்தென்று சுட்டிக் காட்ட ஓடுவரியில் இடமில்லை. ஆகவே அச்செய்தியை விடுவதே முறை.

4. முதல் வரைவின் குறைகள்

முடிவை முன்வைத்து எழுதப்படும் முதல் வரைவில் பின்வரும் பகுதி இயல்பாக அமையக்கூடும்:

‘90 நிமிட முடிவில் பேயர்ன் 1-0 என முன்னிலையில் இருந்தது. அதன்பின் கூடுதல் நேரத்தில் யுனைடெட் இரு கோல் அடித்தது. முன்னதாக பாஸ்லர் கோலடித்தார்.’

இதில் நான்கு குறைகள் உள்ளன. முதல் வாக்கியம் தனித்துப் பார்க்கப்பட்டால் பேயர்ன் வென்றதாகவே பொருள்படும். ‘அதன்பின்’ என்பது, முந்தைய வாக்கியத்தைக் காணாதவர்க்கு எதையும் சுட்டாது. ‘முன்னதாக’ என்பதும் அவ்வாறே. ‘கோலடித்தார்’ என்னும் எளிய இறந்தகாலம் அக்கோல் கடைசியில் விழுந்தது போலத் தோன்றச் செய்யும்.

நான்காவது குறை கலைச்சொல் பற்றியது. மொழிபெயர்ப்பாளர் மிகுதியும் இடறுமிடம் இதுவே. தடைகளால் வீணான நேரத்தை ஈடுசெய்ய ஒவ்வொரு பாதியின் இறுதியிலும் நடுவர் சேர்க்கும் நிமிடங்கள் ஒரு வகை. வென்றவர் தெரிந்தே ஆகவேண்டிய போட்டி சமனில் முடிந்தால் ஆடப்பெறும் இரு பதினைந்து நிமிடப் பகுதிகள் மற்றொரு வகை. இரண்டையும் ‘கூடுதல் நேரம்’ என்றே எழுதும் வழக்கம் உண்டு. அவ்வாறு எழுதினால் ஆட்டம் 1-1 எனச் சமனாகி மேலும் 30 நிமிடம் நீண்டது என்று வாசகர் கொள்வார். இவ்வாட்டத்தில் அது நிகழவேயில்லை. முதல் வகையை ‘ஈடுநேரம்’ என்றும் இரண்டாம் வகையைக் ‘கூடுதல் நேரம்’ என்றும் பிரித்து வழங்கினால் மயக்கம் நீங்கும். ‘3 நிமிட’ என்னும் அடை சொல் புதியதாயினும் பொருளைத் தெளிவாக்கிவிடும்.

5. திருந்திய வடிவம்

‘பார்சலோனா இறுதிப் போட்டியில் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக்கை 2-1 என வீழ்த்தி மான்செஸ்டர் யுனைடெட் ஐரோப்பியச் சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்றது. 90 நிமிட முடிவில் 0-1 எனப் பின்தங்கியிருந்த யுனைடெட் 3 நிமிட ஈடுநேரத்தில் இரு கோல் அடித்தது. மாற்று ஆட்டக்காரர்களாக இறங்கிய ஷெரிங்காம் சமநிலைக் கோலையும் சோல்ஷார் வெற்றிக் கோலையும் அடித்தனர். யுனைடெட்டின் இரு கோல்களும் பெக்காமின் மூலை உதைகளிலிருந்து பிறந்தன. 6ஆம் நிமிடத்திலேயே பேயர்னின் பாஸ்லர் ஃப்ரீ கிக் மூலம் கோலடித்திருந்தார். இரண்டாம் பாதியில் பேயர்னின் ஷோல் அடித்த பந்து கம்பத்திலும் யான்கர் அடித்த பந்து குறுக்குச் சட்டத்திலும் பட்டுத் திரும்பின. யுனைடெட் கேப்டன் கீனும் ஸ்கோல்ஸும் தடை காரணமாக ஆடவில்லை. இங்கிலாந்து லீக், எஃப்.ஏ. கோப்பை, ஐரோப்பியக் கோப்பை மூன்றையும் ஒரே பருவத்தில் வென்ற முதல் இங்கிலாந்து அணி மான்செஸ்டர் யுனைடெட்.’

இங்கு எழுதியவாறு இதில் 90 சொற்கள் உள்ளன. எண்ணிக்கை எழுத்துமுறையைச் சார்ந்தது. ‘கோலடித்திருந்தார்’ என்பதைப் பிரித்தெழுதினால் இரண்டாகும். ஆகவே சொல் எண்ணிக்கையோடு வரி திரையைக் கடக்கும் நேரத்தையும் அளந்து பார்த்தல் நலம்.

மாற்றங்களுள் மூன்று கருதத்தக்கவை. ‘பின்தங்கியிருந்த யுனைடெட்’ என்னும் பெயரெச்சத் தொடர், தனியே நின்றால் தவறான பொருள் தந்த வாக்கியத்தை அடுத்த வாக்கியத்தினுள் அடக்கிவிட்டது. பேயர்னின் முன்னிலை இனி யுனைடெட்டின் கோல்களோடு சேர்ந்தே படிக்கப்படும். ‘முன்னதாக’ செய்த பணியை ‘6ஆம் நிமிடத்திலேயே’ என்பதிலுள்ள ஏகாரமும் ‘அடித்திருந்தார்’ என்னும் துணைவினையும் ஏற்றுக்கொண்டன. ‘அது’, ‘அவர்’, ‘இரண்டும்’ என்னும் சுட்டுகள் நீங்கி அணிப்பெயரே திரும்பத் திரும்ப வருகிறது. கட்டுரை நடையில் கூறியது கூறலாகத் தோன்றும் இது, ஓடுவரியில் தேவையாகிறது.

6. சரிபார்க்கும் முறை

முடிந்த வரைவை இருவகையில் சோதிக்கலாம். ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலும் வரியை வெட்டி, அதுவரை படித்தவர் பொய்யொன்றை நம்புவாரா எனக் காணுதல் ஒன்று. வாக்கியங்களை வரிசை கலைத்துத் தனித்தனியே, ஆட்டத்தைப் பார்க்காத ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, வென்ற அணி எது என வினவுதல் மற்றொன்று. பாஸ்லர் பற்றிய வாக்கியம் இரண்டாம் சோதனையில் முழுத் தேர்ச்சி பெறாது. வென்றவரை அது சொல்வதில்லை. எனினும் ‘-இருந்தார்’ என்னும் முடிபு, கதை அங்கு நிற்கவில்லை என்பதை உணர்த்துகிறது. நூறு சொல்லில் அவ்வொரு வாக்கியத்திற்குச் செய்யக்கூடியது அவ்வளவே.