கேட்கப்படாதவர்களும் கணக்கில் வந்தால்...

மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக மும்பையிலுள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் நடத்தும் தேசிய குடும்ப நல ஆய்வில், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் தாய்மார்களிடம் ஒரு கேள்வி கேட்கப்படுகிறது: "கடந்த இரண்டு வாரங்களில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு இருந்ததா?" தாய் "ஆம்" என்றால், களப்பணியாளர் மேலும் சில கேள்விகளைக் கேட்கிறார். ஓஆர்எஸ் கரைசல் கொடுக்கப்பட்டதா, துத்தநாக மாத்திரை கொடுக்கப்பட்டதா, மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்களா என்று அவை நீளும். "இல்லை" என்றால் அவை அனைத்தையும் தாண்டி, காய்ச்சல் பற்றிய கேள்விக்குப் போய்விடுகிறார். களப்பணியாளரின் கையிலுள்ள கணினியே அந்தக் கேள்விகளைக் காட்டாமல் விட்டுவிடும்.

இந்தத் தாண்டல் நியாயமானது. நோயே வராத குழந்தைக்கு மருந்து கொடுத்தாயா என்று கேட்பது அபத்தம். சிக்கல் பிறகுதான் தொடங்குகிறது. தரவுக் கோப்பில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வரி உண்டு. நோய் வராத குழந்தையின் வரியில் ஓஆர்எஸ் குறித்த கட்டம் வெறுமையாக இருக்கும். நூற்றில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட வரிகளில் அந்தக் கட்டம் வெறுமைதான். அந்த வெறுமையை "கொடுக்கவில்லை" என்று படித்துவிட்டால், கேள்வியே கேட்கப்படாத தாய்மார்கள் அனைவரும், குழந்தைக்கு ஓஆர்எஸ் கொடுக்கத் தவறியவர்களாகிவிடுகிறார்கள்.

இப்படிப் படிப்பதற்குக் கெட்ட எண்ணம் எதுவும் தேவையில்லை. ஆய்வாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ஸ்டேட்டா மென்பொருளில், "விடை 1 என்றால் ஆம், மற்றவை எல்லாம் இல்லை" என்று ஒரே வரியில் புதிய கட்டம் ஒன்றை உருவாக்கலாம். வெறுமையும் அந்த "மற்றவை"க்குள் ஓசையின்றி விழுந்துவிடும். பிழைச்செய்தி எதுவும் திரையில் வராது. விற்பனைக் கணக்கு எழுதும் சாதாரண விரிதாளிலும் இதே கதைதான்: "ஆம்" என்றவர்களின் எண்ணிக்கையை மொத்த வரிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் முடிந்தது.

விளைவைத் தெரிந்த எண்களைக் கொண்டே பார்க்கலாம். 2015-16இல் நடந்த நான்காவது ஆய்வின்படி, 9.2 சதவீதக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு இருந்தது; அவர்களில் 50.6 சதவீதம் பேருக்கு ஓஆர்எஸ் கிடைத்தது. 2019-21இல் நடந்த ஐந்தாவது ஆய்வில் நோய் கண்டவர்கள் 7.3 சதவீதமாகக் குறைந்தனர். ஓஆர்எஸ் பெற்றவர்கள் 60.6 சதவீதமாக உயர்ந்தனர். ஆய்வின் அறிக்கை நோயுற்ற குழந்தைகளை மட்டுமே பின்னத்தின் கீழே, அதாவது பகுதியில், வைத்துக் கணக்கிட்டதால் கிடைத்த எண்கள் இவை. இரண்டுமே நல்ல செய்திகள்.

இதே தரவை எடுத்து, எல்லாக் குழந்தைகளையும் பகுதியில் வைப்போம். முதல் ஆய்வில் 9.2 சதவீதத்தில் ஏறத்தாழப் பாதி, அதாவது சுமார் 4.7 சதவீதம். அடுத்த ஆய்வில் 7.3 சதவீதத்தில் ஐந்தில் மூன்று பங்கு, அதாவது சுமார் 4.4 சதவீதம். ஓஆர்எஸ் பயன்பாடு பத்து விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்ந்த ஒரு காலம், அது சரிந்த காலமாகத் தோன்றுகிறது. நோய் குறைந்ததும் தாய்மார்களின் தவறாகப் பதிவாகிறது!

எண் சிறிதாகிவிடுகிறது என்பது மட்டுமே இதிலுள்ள குறை என்று எண்ணிவிடக் கூடாது. எல்லா இடங்களிலும் ஒரே அளவில் சிறிதாகியிருந்தால் ஒப்பீடாவது பிழைத்திருக்கும். இரண்டு மாவட்டங்களைக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டிலும் ஆயிரம் குழந்தைகள். முதல் மாவட்டத்தில் 120 பேருக்கு நோய், 60 பேருக்கு ஓஆர்எஸ். இரண்டாவதில் 50 பேருக்கு நோய், 40 பேருக்கு ஓஆர்எஸ். உண்மையில் முதல் மாவட்டம் 50 சதவீதம், இரண்டாவது 80 சதவீதம். தவறான கணக்கில் முதல் மாவட்டம் 6 சதவீதம், இரண்டாவது 4 சதவீதம். குடிநீர் கெட்டு நோய் பெருகிய மாவட்டத்துக்குப் பாராட்டும், நன்றாகச் செயல்படும் மாவட்டத்துக்கு விளக்கம் கேட்டுக் கடிதமும் போகும். மழைக்காலத்தில் ஒரு மாவட்டத்திலும் கோடையில் இன்னொன்றிலும் களப்பணி நடந்திருந்தால், அந்த எண் மருந்தின் பயன்பாட்டைவிடப் பருவத்தையே அதிகம் அளந்துகொண்டிருக்கும்.

அப்படியானால் கேட்கப்படாதவர்களை எப்போதும் நீக்கிவிட வேண்டுமா? அதுவும் தவறு. இதே ஆய்வில் எச்ஐவி பற்றிய பகுதி ஒன்று உண்டு. எச்ஐவி, எய்ட்ஸ் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை என்று சொல்பவரிடம் அது எப்படிப் பரவுகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அவருக்கு முழுமையான விழிப்புணர்வு இல்லை என்பது கேட்காமலேயே தெரியும். எனவேதான் ஐந்தாவது ஆய்வு, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்கள் அனைவரையும் பகுதியில் வைத்து, 21.6 சதவீதம் பேருக்கே முழுமையான விழிப்புணர்வு உள்ளது என்கிறது. கேள்விப்படாதவர்களை நீக்கியிருந்தால், அறியாமை மிகுந்த இடங்களும் அறிவார்ந்த இடங்களாகத் தெரிந்திருக்கும்.

மூன்றாவது வகை ஒன்றும் இருக்கிறது; மிகவும் கவனம் தேவைப்படுவது அதுதான். குடும்ப வன்முறை குறித்த கேள்விகள் மாதிரி வீடுகளில் ஒரு பகுதியில் மட்டும், அதுவும் வீட்டுக்கு ஒரு பெண்ணிடம் மட்டும் கேட்கப்படுகின்றன. பிறர் காதில் விழாத தனிமை கிடைக்காவிட்டால் அவரிடமும் கேட்பதில்லை. அந்தப் பெண்ணின் பாதுகாப்புக்கான விதி இது. இங்கே கேட்கப்படாத பெண்ணின் விடை "இல்லை" அல்ல. அது நமக்குத் தெரியாது. கணவர் அறையை விட்டு நகர மறுத்ததால் கேட்கப்படாமல் போன பெண்ணை, வன்முறையைச் சந்திக்காதவர் பட்டியலில் சேர்ப்பதைவிடக் கொடிய கணக்குப் பிழை இருக்க முடியாது.

ஆகவே வெறும் கட்டம் ஒவ்வொன்றும் எதனால் வெறுமையாயிற்று என்று பார்த்தாக வேண்டும். இந்த ஆய்வின் தரவுக் கோப்புகளில் அதற்கு வழி இருக்கிறது. பொருந்தாததால் கேட்கப்படாதது வெறுமையாக விடப்படுகிறது. "தெரியாது" என்ற விடைக்கு 8 என்றும், பதிவாகியிருக்க வேண்டிய விடை விடுபட்டிருந்தால் 9 என்றும் குறியீடுகள் உண்டு. தன்னார்வ அமைப்புகளும் கல்லூரிகளும் இணையப் படிவங்களில் நடத்தும் சிறிய ஆய்வுகளில்தான் இந்த வேறுபாடு பெரும்பாலும் காணாமல் போகிறது. மூன்று வகையும் ஒரே வெற்றுக் கட்டமாக வந்து சேர்கின்றன.

கோப்பைப் பார்க்க முடியாத வாசகரும் இதை ஓரளவு கண்டுகொள்ளலாம். ஒரு தொடர்கேள்வியின் சதவீதம், அதற்கு முந்தைய வாயிற்கேள்வியின் சதவீதத்தை எந்த மாவட்டத்திலும், எந்த வயதினரிடத்தும் தாண்டவே இல்லை என்றால் சந்தேகப்பட இடமுண்டு. அட்டவணையின் அடியில் உள்ள எண்ணிக்கை, வாயிற்கேள்விக்கும் தொடர்கேள்விக்கும் ஒன்றாகவே இருந்தால் சந்தேகம் வலுக்கும். சரியான கணக்கில் அந்த எண்ணிக்கை மளமளவென்று குறைந்தாக வேண்டும்.

அந்தக் குறைவுதான் பலரையும் தவறான பக்கம் தள்ளுகிறது என்பது என் எண்ணம். ஆயிரம் குழந்தைகளைப் பற்றிப் பேச வந்தவருக்கு, எழுபது குழந்தைகளைப் பற்றி மட்டுமே பேச முடியும் என்பது சங்கடமாக இருக்கிறது. தேசிய குடும்ப நல ஆய்வு அந்தச் சங்கடத்தை மறைப்பதில்லை. பகுதியில் 25 முதல் 49 பேர் மட்டுமே இருந்தால், அச்சதவீதத்தை அடைப்புக்குறிக்குள் அச்சிடுகிறது. 25 பேருக்கும் குறைந்தால், எண்ணை நீக்கிவிட்டு அங்கே ஒரு நட்சத்திரக் குறியை மட்டும் போடுகிறது.