எஸ்கலேட்டர் ஏன் ஆளைத் தள்ளுகிறது?

ஞாயிற்றுக்கிழமை மாலை. மாலில் கீழே இறங்கிக்கொண்டிருக்கும் எஸ்கலேட்டர் சட்டென்று நிற்கிறது. நடுவில் நின்ற பாட்டி முன்னால் சாய, இரு கையிலும் பைகளோடு அவருக்கு முன் நின்றவரும் சேர்ந்து உருள்கிறார். ஐந்து நிமிடத்தில் ஊழியர் ஒருவர் சாவியைத் திருப்பி மறுபடி ஓட்டிவிடுகிறார். மால் நிர்வாகம் அனுமதிக்கவே கூடாத காரியம் இது.

எஸ்கலேட்டரின் பிரேக், மின்சாரம் இருக்கும்வரைதான் விலகி நிற்கும். மின்சாரம் போன கணத்தில் ஸ்பிரிங் அழுத்தத்தில் அது பிடித்துக்கொள்ளும். படிகள் தரைக்குள் நுழையும் இடத்தில் சீப்புப் பற்கள் போன்ற தட்டு இருக்கும். அதில் செருப்பு சிக்கினாலும், கைப்பிடி உள்ளே போகும் வாயில் ஏதாவது நுழைந்தாலும் அங்குள்ள சுவிட்ச் மின்சாரத்தை வெட்டிவிடும். ஆக, நின்றது பெரும்பாலும் இயந்திரம் தன் வேலையைச் செய்ததால்தான். எந்த சுவிட்ச் நிறுத்தியது என்பதைக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் பார்த்து, படம் எடுத்து வைத்த பிறகே சாவியைத் தொட வேண்டும். சிக்கிய ஆணியோ கல்லோ அதே இடத்தில் இருந்தால், அடுத்த முறை படியையே உடைக்கும்.

ஆனால் நின்றதற்கும் விழுந்ததற்கும் காரணம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மால்களில் எஸ்கலேட்டரின் வேகம் வழக்கமாக நொடிக்கு அரை மீட்டர். அந்த வேகத்தில், ஆளில்லாமலோ இறக்கத்தில் பாரத்தோடோ, பிரேக் பிடித்தபின் குறைந்தது 20 செ.மீ., அதிகபட்சம் 1 மீட்டர் ஓடி நிற்க வேண்டும் என்கிறது ஐரோப்பியத் தரநிலை இஎன் 115. 12 செ.மீ.யிலேயே நின்றுவிட்டால், வேகம் குறையும் உலுக்கல் ஒன்றரை மடங்குக்கும் மேல் ஆகிவிடும். இறங்குகிறவரின் உடல் முன்னால் போய்க்கொண்டே இருக்க, கால் மட்டும் நின்றுவிடுகிறது. பிடிக்கக் கை காலியாக இல்லாவிட்டால் விழுந்தாக வேண்டும்.

இதை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். கடை திறக்கும் முன், ஆளில்லாத எஸ்கலேட்டரை இறக்கத்தில் ஓட்டி, ஒரு படியில் சாக்பீஸ் கோடு போட்டு, அந்தக் கோடு பக்கத் தகட்டில் ஒட்டிய டேப்பைத் தாண்டும்போது நிறுத்தி, எவ்வளவு தூரம் போனது என்று டெக்னீஷியன் அளக்கலாம். கூட்டம் ஏறினால் வழுக்குமே என்று பயந்து பிரேக்கை இறுக்கி வைப்பது உண்டு. அப்படி வைத்தால் இரண்டு மூன்று பேர் மட்டும் நிற்கும்போது அது கடுமையாக உலுக்கும். பராமரிப்பு ஒப்பந்தக்காரர் தரும் தாளில் "பிரேக் சரி" என்று மட்டும் இருந்தால் ஏற்காதீர்கள். எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதச் சொல்லுங்கள்.

சிவப்பு நிறுத்து பொத்தானை அழுத்தும் காவலருக்கும் பயிற்சி வேண்டும். யாருடைய விரலோ துணியோ சிக்கியிருந்தால் உடனே அழுத்த வேண்டியதுதான். மற்ற நேரத்தில் "கைப்பிடியைப் பிடிச்சுக்குங்க, நிறுத்தறேன்" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு அழுத்தட்டும்.